டிசம்பர் கணக்கை மூடிவிட்ட அக்காவிடம் இன்வாய்ஸில் ஒரு வரி மாற்றச் சொன்னது

ஒரே வேலைக்காகக் கணக்குப் பிரிவு அக்காவுக்கு நான் மூன்று செய்திகள் அனுப்பினேன். முதலாவதற்குப் பதிலே வரவில்லை, இரண்டாவதற்கு "முடியாது" என்று வந்தது, மூன்றாவது போய் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மூன்றையும் அப்படியே இங்கே வைக்கிறேன், ஏனென்றால் நான் கேட்ட தொனி ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் இருந்தது, அதனால் தவறு தொனியில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் விவகாரம். நான் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தில் கப்பல் ஆவணங்கள் பார்க்கிறேன். கணக்குப் பிரிவு பாய லேபாரில் இருக்கிறது, தீவின் அந்தப் பக்கம், எனவே எழுந்து போய் மேஜையருகே நின்று கேட்கிற வசதி இல்லை. டிசம்பர் 30-ம் தேதி இன்வாய்ஸ் போட்டு, ஜனவரி 9-ம் தேதி கொழும்புக்குக் கப்பலேற்றிய சரக்கு அது, இரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு 600, விலை ஒன்று 81 அமெரிக்க டாலர், மொத்தம் 48,600. பணம் எல்.சி. வழியாக வரவேண்டும். அதாவது வாங்குபவரின் வங்கி, எல்.சி.யில் சொன்னபடி ஆவணங்கள் இருந்தால் பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. சொன்னபடி இல்லையென்றால் அந்த வாக்கு செல்லாது, பிறகு வாங்குபவர் மனது வைத்தால்தான் பணம்.

ஜனவரி 28, புதன்கிழமை பிற்பகல் கடைசி ஆவணமும் கைக்கு வந்தது. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி எல்.சி.யோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தபோது இதைக் கண்டேன். மேலே எல்.சி.யில் உள்ள சரக்கு விவரம், கீழே எங்கள் இன்வாய்ஸில் உள்ளது:

```
STAINLESS STEEL BALL VALVES GRADE 316, SIZE 2 INCH
BALL VALVE 2 INCH
```

எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பு யூ.சி.பி. 600. அதன் 18-ஆம் பிரிவு, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்கிறது. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் மாதிரியான மற்ற ஆவணங்களில் பொதுவான பெயர் இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம், இன்வாய்ஸில் முடியாது. எங்கள் கணக்கு மென்பொருள் பொருள் பட்டியலில் இருந்து சுருக்கப் பெயரை எடுத்து அச்சடித்துவிட்டது, நானும் டிசம்பர் கடைசி அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன். பார்க்க வேண்டியது என் வேலை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு செய்திகளில் அதைச் சொல்லவில்லை.

பிற்பகல் 3.50-க்கு அனுப்பிய முதல் செய்தி இது:

"அக்கா, பிஸியா? ஒரு அர்ஜெண்ட் விஷயம் 🙏"

அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, அவர் 'சொல்லு தம்பி' என்பார், பிறகு விவரம் எழுதலாம் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசிக்கவே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டின் ஜி.எஸ்.டி. படிவம் எஃப்5 ஜனவரி 31-க்குள் போய்ச் சேர வேண்டும், இந்தத் தடவை 31 சனிக்கிழமை, எனவே அவர் வெள்ளிக்குள் முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில் இருப்பவருக்கு 'பிஸியா?' என்ற கேள்விக்கு ஒரே உண்மையான பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் என்னைக் கைவிட்டதாகும், இல்லை என்று சொன்னால் என்ன ஏது என்று தெரியாத ஒரு வேலை தலையில் விழும். பேசாமல் இருந்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாலை 5.55-க்கு, கொஞ்சம் பதற்றத்தோடு இரண்டாவது:

"அக்கா, டிசம்பர் வால்வு இன்வாய்ஸ் கேன்சல் பண்ணிட்டு புதுசா ஒண்ணு போடணும், நாளைக்குள்ள வேணும், பேங்க் விஷயம், லேட்டானா பெரிய பிரச்சினை. ப்ளீஸ் லா அக்கா. அட்வான்ஸ் தேங்க்ஸ்!!"

6.20-க்குப் பதில்: "டிசம்பர் க்ளோஸ் பண்ணியாச்சு தம்பி. கேன்சல் முடியாது. என் மேலாளர்கிட்ட கேளு."

எனக்குச் சுருக்கென்றது. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஜூரோங் ஈஸ்ட் வரை வந்தேன். கிளமெண்டி தாண்டும்போது என் செய்தியை நானே திரும்ப வாசித்தேன். அவர் சொன்ன 'முடியாது' நான் கேட்டதற்குச் சரியான பதில் என்று அப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். எனக்குத் தேவை, சரக்கு விவர வரி மாறிய ஒரு தாள். நான் கேட்டதோ, மூடிய மாதத்தில் இருக்கும் ஓர் இன்வாய்ஸை ரத்து செய்து புதிதாக ஒன்று போடுவது. இரண்டும் ஒன்றில்லை. ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்ய விகிதம்தான், வரி கட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த 48,600-க்கு ஈடான சிங்கப்பூர் வெள்ளித் தொகை எஃப்5-இல் கட்டம் 2-இல் போய் உட்காரும். டிசம்பர் இன்வாய்ஸை ரத்து செய்து ஜனவரி தேதியில் புதிதாகப் போட்டால், அந்தத் தொகை இந்தக் காலாண்டில் இருந்து கழன்று அடுத்த காலாண்டுக்குப் போகும். அவர் சரிபார்த்து வைத்த கூட்டல் எல்லாம் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது குலையும். அதுவும் போகட்டும், எனக்கே அது ஆபத்து. ஏற்றுமதி பெர்மிட்டிலும் மூலச் சான்றிதழிலும் பழைய இன்வாய்ஸ் எண்தான் இருக்கிறது. புது எண்ணோடு ஒரு தாள் வந்தால் ஒரு முரணைத் தீர்க்கப் போய் இரண்டை உண்டாக்கியிருப்பேன். ஆக, என் துறையில் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய காரணத்தால் கேட்கக் கூடாத வழியை, அவருடைய துறையில் எனக்குத் தெரியாத வேலையைச் செய்யச் சொல்லி, ஆணையாகக் கேட்டிருக்கிறேன். கூடவே அட்வான்ஸ் தேங்க்ஸ் வேறு. அந்த வார்த்தையை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்றால், 'நீ செய்வாய் என்று முடிவு செய்துவிட்டேன்' என்றுதான்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு மூன்றாவதை எழுதினேன். முதலில் செய்தது கெடுவைக் கணக்கிட்டது, ஏனென்றால் 'நாளைக்குள்ள' என்று நான் எழுதியதற்கு எந்தக் கணக்கும் இல்லை, பயத்தில் வந்த வார்த்தை அது.

எல்.சி. காலாவதி பிப்ரவரி 5. யாருமே அதைத்தான் கெடு என்று நினைப்பார்கள். ஆனால் யூ.சி.பி. 600-இன் 14-ஆம் பிரிவுப்படி, அசல் பில் ஆஃப் லேடிங் இருக்கும் சரக்குக்குக் கப்பலேறிய நாளுக்குப் பின் 21 நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும், அது காலாவதியைத் தாண்டவும் கூடாது. இரண்டில் எது முன்னே வருகிறதோ அதுதான் கெடு. ஜனவரி 9-க்கு அடுத்த நாளில் இருந்து 21 எண்ணினால் ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. எங்கள் வங்கிக் கிளை ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம், ஏற்றுமதி ஆவணங்களை மாலை 3 மணி வரை வாங்கும். துவாஸில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும், கொஞ்சம் கைவசம் வைத்துக்கொண்டு வெள்ளி மதியம் 1 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் எல்.சி. கையெழுத்திட்ட இன்வாய்ஸ் மூன்று பிரதி கேட்கிறது. கையெழுத்துப் போடும் இயக்குநர் வியாழன் மாலை 5 மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறார். இப்படிப் பின்னோக்கி எண்ணி வந்தால் வியாழன் மாலை 4 மணி.

இங்கே ஒரு சபலம் வந்தது. மதியம் 12 மணி என்று சொல்லிவைத்தால் 4-க்குள் கிடைக்கும் இல்லையா? அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் யாராவது 12 என்று சொன்னால் எல்லாரும் 4 என்று படித்துக்கொள்கிறார்கள். நான் 4 என்றே எழுதி, தவறினால் என்ன மாற்று இருக்கிறது என்பதையும் எழுதினேன்.

வியாழன் காலை 8.15-க்கு மூன்றாவது செய்தி போனது. அலுவலகப் பதிவுக்காக இதே விவரத்தை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகவும் அனுப்பினேன், அவர் மேலாளர் தமிழர் இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தது இது:

"காலை வணக்கம் அக்கா. நேற்று நான் கேட்ட விதம் தப்பு. கேன்சல் பண்ண வேண்டாம், டிசம்பரைத் திறக்கவும் வேண்டாம்.

எனக்கு வேண்டியது: வால்வு இன்வாய்ஸில் சரக்கு விவர வரி மட்டும் மாறி, அதே எண், அதே தேதி (30 டிசம்பர்), அதே தொகையோடு ஒரு பிடிஎஃப். வரி என்னவாக இருக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுத்துக்கு எழுத்து போட்டிருக்கிறேன், எல்.சி.யின் அந்தப் பக்கமும் இணைப்பில் இருக்கிறது. தொகை மாறாததால் உங்கள் கட்டம் 2 மாறாது என்று நினைக்கிறேன், ஆனால் அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஏன்: எல்.சி.யில் இருக்கிற விவரம் நம் இன்வாய்ஸில் இல்லை. இப்படியே கொடுத்தால் பேங்க் முரண் என்று சொல்லும், 48,600 டாலர் வாங்குபவர் கையில் போய்விடும். டிசம்பரிலேயே நான் பார்த்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

எப்போது: இன்று மாலை 4. இயக்குநர் 5-க்குக் கிளம்புகிறார், அவர் கையெழுத்து வேண்டும். 4 முடியாவிட்டால் நாளை காலை 10 வரை இழுக்கலாம், வேறொருவரிடம் கையெழுத்து வாங்க வழி இருக்கிறது, கொஞ்சம் அலைச்சல் எனக்கு. அதற்குப் பிறகு வழி இல்லை.

விவர வரியை மாற்றிப் பிரிண்ட் எடுக்க சிஸ்டம் விடுமா என்று எனக்குத் தெரியாது. விடாது என்றால் 'விடாது' என்று ஒரு வார்த்தை போதும், வாங்குபவரிடம் எல்.சி. திருத்தம் கேட்க இன்று மதியமே ஆரம்பிப்பேன். உங்கள் மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்றால் மின்னஞ்சலை அப்படியே அவருக்கு அனுப்பலாம். உங்களைக் கேட்காமல் நான் அவருக்கு எழுதவில்லை.

எஃப்5 வாரம் என்று தெரியும் அக்கா."

நீளம்தான். வாட்ஸ்அப்பில் இவ்வளவு எழுதுவார்களா என்று என் மனைவி கேட்டாள். ஆனால் இதில் எந்த வரியை எடுத்தாலும் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் போகும். 8.40-க்கு ஒரே ஒரு போன் செய்தேன், "செய்தி அனுப்பியிருக்கேன் அக்கா, இப்பவே ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாத்துட்டு சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். போனிலேயே கேட்டிருந்தால் அவர் எண்களைப் பார்க்காமல் 'சரி' அல்லது 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கும், இரண்டுமே எனக்கு உதவாது.

9.30-க்கு ஒரு கேள்வி வந்தது. "காலாவதி பிப்ரவரி 5-னு போட்டிருக்கே, எதுக்கு வெள்ளி?" எல்.சி. பக்கத்தை உண்மையிலேயே வாசித்திருக்கிறார். 21 நாள் கணக்கை இரண்டு வரியில் சொன்னேன். இதை நான் செய்தியிலேயே போட்டிருக்க வேண்டும். நான் சொல்கிற தேதியும் இணைப்பில் இருக்கிற தேதியும் வேறாக இருந்தால், வாசிக்கிறவர் இரண்டையும் சந்தேகப்படுவார்.

10.45-க்கு பிடிஎஃப் வந்தது. மென்பொருளில் பொருளின் பெயர் ஒரு புலம், அச்சில் வரும் விவரம் வேறொரு புலம், இரண்டாவதை மாற்றினால் கணக்குப் பதிவு எதுவும் அசையாதாம். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நேற்று நான் 'கேன்சல்' என்று வழியைச் சொல்லாமல் வேண்டியதை மட்டும் சொல்லியிருந்தால் நேற்றே இதைச் சொல்லியிருப்பார். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி, பழைய பிரதியைக் கோப்பில் வைத்து, ஏன் மாற்றினோம் என்று என் மின்னஞ்சலையும் அதோடு சேர்த்துவிட்டார். ஆங்கிலத்தில் தனியாக அனுப்பியது அங்கேதான் பயன்பட்டது.

பிடிஎஃப் வந்ததும் நன்றி சொல்லும் முன் எல்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனது. சரி பார்க்காமல் 'சூப்பர் அக்கா' என்று போட்டுவிட்டு அரை மணி கழித்து 'ஒரு கமா விட்டுப்போச்சு' என்று வந்து நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை. பிறகு எழுதினேன்: "எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா, இனி உங்களிடம் இதில் ஒன்றும் வேண்டாம்." நெருக்கடியில் இருக்கிறவருக்கு அந்தக் கடைசிப் பாதிதான் பெரிய நன்றி என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வெள்ளி மதியம் வரை அவரை நான் தொந்தரவு செய்யவில்லை.

வெள்ளி மதியம் 2.10-க்கு வங்கி முத்திரை போட்ட ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் அப்போது அலுவலகத்திலேயே இல்லை. காலையில் எஃப்5 அனுப்பிவிட்டு அரைநாள் விடுப்பில் போயிருந்தார், ஞாயிறு தைப்பூசம், பால்குடம் எடுக்கிறார், வீட்டில் ஆயிரம் வேலை. ஆக நான் கைவசம் இருப்பதாக நினைத்த 'நாளை காலை 10' அவருக்கு ஏறக்குறைய இல்லாத நேரம். அதை அவர் சொல்லவும் இல்லை. மாற்றுக் கெடு கொடுக்கும்போது, அது அவருக்கும் சரிப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. அடுத்த வியாழன் முரண் ஏதும் இல்லை என்று எங்கள் வங்கி சொன்னது. அன்றே அவருக்குச் சொன்னேன். உதவி செய்கிறவர்கள் பெரும்பாலும் கதையின் பாதிவரைதான் கேட்கிறார்கள், கடைசியில் அந்தத் தாள் எதற்கு உதவியது என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

இரு மேலாளர்களுக்கும் ஒரு நன்றி மின்னஞ்சல் அனுப்பலாம் என்று எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வாக்கியம், 'மூடிய மாதத்து இன்வாய்ஸை நமக்காக மாற்றிக் கொடுத்தார்' என்று. நல்லவேளை, அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "தம்பி, இத ஆடிட்டர் படிச்சா நான் புத்தகத்தத் திறந்து எண்ணை மாத்தினேன்னு நினைப்பாங்க" என்றார். அவரே திருத்திக் கொடுத்தார்: கணக்குப் பதிவில் மாற்றம் இல்லாமல் அச்சு விவரத்தைச் சரி செய்ய வழி கண்டுபிடித்தார், எஃப்5 வாரத்தில் இரண்டரை மணி நேரத்தில் செய்தார். உண்மையும் அதுதான். என் வாக்கியம் அவரைத் தூக்கிவைக்கப் போய் மாட்டிவிட்டிருக்கும்.

கோப்பி வாங்கிக் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன், பாய லேபார் போன அன்றைக்கு. ஆனால் அவருக்குப் பிடித்தது வேறு. இப்போது எல்.சி. வந்த அன்றே சரக்கு விவர வரியை மட்டும் நகலெடுத்து, இன்வாய்ஸ் போடும் முன் அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஏப்ரலில் அடுத்த எஃப்5. அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "தம்பி, மார்ச் ஏற்றுமதி மூணுக்கு பில் ஆஃப் லேடிங் நகலும் பெர்மிட்டும் வேணும், பூஜ்ய விகிதத்துக்கு ஆதாரம். எண்கள் கீழே. வியாழன் 12 மணி, வெள்ளி காலை நான் ஃபைல் பண்றேன். ஒண்ணு இல்லாட்டி எதுன்னு மட்டும் சொல்லு." இரண்டு இருந்தது, உடனே அனுப்பினேன். மூன்றாவதன் பில் ஆஃப் லேடிங் முகவரிடம் இருந்து இன்னும் வரவில்லை, புதன் மாலை வரும் என்று எழுதினேன். புதன் மாலை வரவில்லை. வியாழன் காலை 9-க்கு, அவர் கேட்கும் முன், நானே போய் முகவர் அலுவலகத்தில் நின்று வாங்கினேன்.